தேயிலைப் பொட்டலத்தில் மூன்று முத்திரைகள்: எது எதற்குப் பொறுப்பு?

மதுரைக்காரி: கால் கிலோ தேயிலை வாங்கினேன். வழக்கமாக வாங்குவதைப் போல் இரு மடங்கு விலை. பொட்டலத்தில் 'ஜைவிக் பாரத்' என்ற ஆர்கானிக் முத்திரை இருக்கிறது, ஃபேர்ட்ரேட் எனும் நியாய வணிக முத்திரை இருக்கிறது, பச்சை இலை வரைந்து 'மரபணு மாற்றம் இல்லாதது' என்றும் போட்டிருக்கிறார்கள். கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு இந்த மூன்றும் எனக்கு எதை உறுதி செய்கின்றன?

சந்தேகன்: எதையும் இல்லை, அம்மா. பணம் கட்டினால் கிடைக்கும் காகிதம்தான் சான்றிதழ். 2020இல் நம் நாட்டு ஆர்கானிக் பருத்தியில் 20,000 டன்னுக்குப் போலிச் சான்றிதழ் இருந்ததை, ஆர்கானிக் துணிக்கு விதி வகுக்கும் காட்ஸ் அமைப்பே வெளியிட்டது. ஆர்கானிக் என்றால் பூச்சிக்கொல்லி துளியும் இருக்கக் கூடாது. ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

மலைக்காற்று: சான்றளிக்கும் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தவன் நான். நீலகிரியில் பல குழுக்களின் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். சந்தேகன் சொல்லும் பருத்தி விவகாரம் உண்மை. ஆனால் 'துளியும் இருக்கக் கூடாது' என்பது தவறு. பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வரும், ஓடை நீரிலும் வரும். அதனால் சாதாரண உணவுக்கு அனுமதித்த எச்ச அளவில் 5 சதவீதம், அல்லது ஆய்வகக் கருவியால் அளக்க முடிகிற குறைந்தபட்ச அளவு, இரண்டில் எது அதிகமோ அதுவரை சட்டம் ஏற்கிறது. ஆர்கானிக் தோட்டத்தில் மருந்தே அடிப்பதில்லை என்பதும் சரியல்ல. தேயிலையில் கொப்புள நோய் வந்தால் செம்பு உப்பைக் கட்டுப்பாட்டோடு தெளிக்கலாம்.

ஆக, ஜைவிக் பாரத் பொறுப்பேற்பது விளைவித்த முறைக்கு. தேயிலை போன்ற நீண்டகாலப் பயிர் என்றால், ரசாயன முறையிலிருந்து மாறுவதற்கான 3 ஆண்டு மாற்றுக்காலம் முடிந்திருக்க வேண்டும். செயற்கை உரமும் தடைசெய்த மருந்தும் போட்டிருக்கக் கூடாது. இலை மற்ற இலையோடு கலக்காமல் ஆலைக்குப் போய் வந்திருக்க வேண்டும். பொட்டலத்துக்குள் இருக்கும் தூளை யாரோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை.

மஞ்சள்காடு: குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். பவானிப் பக்கம் இரண்டு ஏக்கரில் மஞ்சள் போடுகிறேன். ஏழு ஆண்டுகளாக ரசாயனம் தொடவில்லை. முத்திரை இல்லை என்று சொல்லி ஒரு கடைக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்படியானால் நான் விளைவிப்பது இயற்கை இல்லையா?

மலைக்காற்று: அண்ணா, உங்கள் மஞ்சள் இயற்கைதான், அதை நிரூபிக்கும் தாள்தான் இல்லை. ஆண்டு விற்பனை 12 லட்சத்தைத் தாண்டாத சிறு விவசாயி, சாப்பிடுகிறவருக்கு நேரடியாக ஆர்கானிக் என்று சொல்லி விற்கலாம், சான்றிதழ் தேவையில்லை. ஆனால் கடைக்குக் கொடுத்தால் அந்த விலக்கு செல்லாது, ஜைவிக் பாரத் முத்திரையும் போட முடியாது. ஊரில் ஐந்து பேர் சேர்ந்தால் பிஜிஎஸ் எனும் பங்கேற்பு உத்தரவாதக் குழு அமைத்துச் சான்று பெறலாம். நீங்களே ஒருவர் காட்டை ஒருவர் ஆய்வு செய்வீர்கள். செலவு மிகக் குறைவு.

சந்தேகன்: அதைத்தான் நானும் சொல்கிறேன்! அவர்களே அவர்களுக்குச் சான்று கொடுத்துக்கொண்டால் அதை யார் நம்புவது?

மலைக்காற்று: அந்தக் கேள்வியைப் பெரிய சான்றிதழைப் பார்த்தும் கேட்க வேண்டும். ஒரே சான்றிதழின் கீழ் 200 சிறு தேயிலை விவசாயிகள் உள்ள ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். உள் ஆய்வைக் குழுவின் ஆட்களே செய்வார்கள். நான் பணியில் இருந்த காலத்தில், வெளியிலிருந்து போகும் நாங்கள் உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குக் குறையாமல் பார்க்க வேண்டும். 200 பேருக்கு 15 தோட்டம். மற்ற 185 தோட்டங்களைக் காகிதத்தில்தான் பார்த்தோம்.

ஓட்டை எங்கே என்று கேளுங்கள். ஆளுக்கு ஓர் ஏக்கர், ஏக்கருக்கு 3,000 கிலோ பச்சை இலை என்று கோப்பில் மதிப்பிட்டிருந்தால், குழுவின் கணக்கு 6 லட்சம் கிலோ. சரக்கு கைமாறும்போதெல்லாம் அதன் அளவைக் காட்டும் பரிவர்த்தனைச் சான்று எடுக்கிறார்கள். 6 லட்சத்தைத் தாண்டினால் இணையத்தில் உள்ள கண்காணிப்பு முறை மறுத்துவிடும். ஆனால் அந்த ஆண்டு உண்மையில் ஏக்கருக்கு 2,000 கிலோதான் பறித்தார்கள் என்றால்? மீதி 2 லட்சம் கிலோவுக்கு வெளி இலையை வாங்கிச் சேர்த்தாலும் காகிதத்தில் ஒரு கிலோகூட இடிக்காது. அதனால் நான் முதலில் தேடுவது மதிப்பீட்டுக்கும் ஆலையின் இலை எடைச் சீட்டுக்கும் உள்ள இடைவெளியை. வறட்சி ஆண்டிலும் மதிப்பீட்டளவு இலை வந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

சந்தேகன்: அப்படியானால் சான்று போலி என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

மலைக்காற்று: இல்லை, ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன். உங்கள் ஆய்வகம் இதைப் பிடிக்காது. வெளி இலையில் மருந்து அடிக்காமல் யூரியா மட்டும் போட்டிருந்தால் எச்சப் பரிசோதனை சுத்தமாக வரும்.

வால்பாறைப் பேத்தி: மதுரைக்காரி அக்கா, ஃபேர்ட்ரேட் பற்றி நான் சொல்கிறேன். என் பாட்டி முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அந்த முத்திரையைப் பார்த்துவிட்டு 'தொழிலாளிக்கு நல்ல கூலி கிடைக்கிறது' என்று நினைக்காதீர்கள். தோட்டத்தில் கூலி சட்டமும் ஒப்பந்தமும் சொல்லும் தொகைதான். முத்திரையால் வருவது ஒரு கூடுதல் தொகை. அதைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த குழு பள்ளிக்கோ மருத்துவத்துக்கோ செலவிடும். அதுவும் ஃபேர்ட்ரேட் நிபந்தனையில் விற்ற அளவுக்கு மட்டுமே. தோட்டம் முழுதும் சான்று பெற்றிருந்தாலும், கொஞ்சம்தான் அப்படி விற்றது என்றால் கொஞ்சம்தான் வரும்.

மலைக்காற்று: சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று, முத்திரைக்கு அருகில் சிறிய அம்புக்குறி இருந்தால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். தேயிலை, கோகோ, சர்க்கரை, பழச்சாறு ஆகியவற்றில் அளவுச் சமநிலை அனுமதி உண்டு. ஆலைக்கு 450 கிலோ சான்றிலை வந்தால் ஏறக்குறைய 100 கிலோ தூள் கிடைக்கும். அந்த இலை மற்றவற்றோடு கலந்துவிட்டாலும் 100 கிலோவுக்கு முத்திரை போடலாம். பணம் உரியவருக்குப் போகிறது, ஆனால் உங்கள் கோப்பையில் அந்தத் தோட்டத்து இலை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆர்கானிக்கில் இதற்கு அனுமதி இல்லை, அங்கே இலையே பிரிந்து வர வேண்டும்.

வால்பாறைப் பேத்தி: அந்தக் கூடுதல் தொகை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பாட்டி இருந்த லயத்து வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது அதில்தான். ஆனால் அதைக் கூலிக்குப் பதிலாகக் காட்டும்போது பொறுக்க முடியவில்லை.

மதுரைக்காரி: அப்போது அந்தப் பச்சை இலைப் படம்?

மலைக்காற்று: அதன் கீழே சான்றளித்தவர் பெயரோ எண்ணோ இருக்கிறதா?

மதுரைக்காரி: இல்லை. வெறும் படம்தான்.

மலைக்காற்று: அப்படியானால் அது நிறுவனம் தானே வரைந்த படம். மரபணு மாற்றிய தேயிலை வணிகத்தில் எங்கும் கிடையாது. இந்தியாவில் வணிகச் சாகுபடியில் இருக்கும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். அந்த வாசகம் பருத்திக்கொட்டை எண்ணெயில் இருந்தால் ஏதாவது சொல்லும், தேயிலையில் ஒன்றும் சொல்லாது. அமெரிக்கப் பொட்டலங்களில் மரபணு மாற்றம் இல்லை என்று காட்ட வரும் பட்டாம்பூச்சி முத்திரைக்குப் பின்னால் உண்மையான சோதனை விதிகள் உண்டு. சோளம், சோயா போன்றவற்றில் 0.9 சதவீதம் வரை ஏற்பார்கள். ஆனால் பூச்சிமருந்து பற்றி அது பேசாது. ஜைவிக் பாரத் இருந்தாலே மரபணு மாற்று விதைக்குத் தடை உண்டு, தனிப் படம் தேவையில்லை.

மஞ்சள்காடு: பிஜிஎஸ்ஸுக்கு எங்கள் ஊரில் நான்கு பேர் இருக்கிறோம். ஐந்தாமவர் வயல் எனக்குப் பக்கத்தில் இருக்கிறது, மருந்து அடிக்கிறார். அவரைச் சேர்த்தால் குழு கெட்டுவிடுமா, சேர்க்காவிட்டால் காற்றில் வருவதற்கு என்ன செய்வது?

மலைக்காற்று: சேருங்கள், அண்ணா. முதலில் மாற்றுக்காலத்துக்கான பிஜிஎஸ் பசுமை நிலையில் இருப்பார். அதுவரை உங்கள் வரப்பு ஓரம் மூன்று வரிசை அகத்தி போடுங்கள். அந்த ஓரத்து மஞ்சளைத் தனியாக அறுத்துத் தனி மூட்டையில் வையுங்கள், ஆர்கானிக் என்று விற்காதீர்கள்.

சந்தேகன்: தனி மூட்டையில் வைத்தாரா என்று யார் பார்ப்பது?

மஞ்சள்காடு: மற்ற நான்கு பேரும் பார்ப்பார்கள், தம்பி. கிணறு ஒன்று, களம் ஒன்று. மறைக்க இடம் இல்லை.