மளிகைக் கடை மறுதிறப்பு அறிவிப்பைத் திருத்தித் தர உதவி வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். புதுப்பிப்பு வேலைக்காக இரண்டு மாதங்கள் மூடியிருந்த எங்கள் மளிகைக் கடையை மீண்டும் திறக்கவிருப்பதால், வீடுவீடாகக் கொடுப்பதற்கு இந்த அறிவிப்பை எழுதியிருக்கிறேன்.

"அன்புடையீர், புதுப்பிக்கப்பட்ட நம் கடை [திறப்பு நாள்] அன்று காலை [நேரம்] மணிக்குத் திறக்கப்படுகிறது. அன்று [தொகை] ரூபாய்க்குமேல் பொருள் வாங்குவோருக்கு [அன்பளிப்பு] வழங்கப்படும். இருப்பு உள்ளவரை மட்டுமே."

அன்பளிப்பாகக் கால் கிலோ வெல்லம் வீதம் 100 பொட்டலங்கள் கட்டி வைத்திருக்கிறேன். ஆனால் கடைசி வரியை அப்படியே விட்டால், காலையிலேயே அத்தனையும் தீர்ந்துபோய், வேலை முடிந்து மாலையில் வரும் பழைய வாடிக்கையாளர்கள் வெறுங்கையோடு திரும்ப நேரிடும் என்பதுதான் என் கவலை. ஆகவே காலைக்கு 60, மாலை 5 மணிக்குமேல் 40 எனப் பிரித்து, குடும்பத்துக்கு ஒன்று என்று வரையறுக்க நினைக்கிறேன்.

அன்றாடம் ஐம்பது ரூபாய்க்கு மட்டுமே வாங்குபவர்களும் எங்களிடம் பலர் உண்டு. அவர்கள் மனம் வருந்தாதபடி குறைந்தபட்சத் தொகையை எவ்வளவு வைக்கலாம், அல்லது நீக்கிவிடலாமா? இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொல்லும் இரண்டு வரிகளை எழுதித் தந்தால், அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவேன்.