செக் கையெழுத்துத் தீர்மானம்: வரைவை வங்கி திருப்பிவிட்டது, எங்கே தவறு?

கணக்குப்பிள்ளை:
எங்களுடையது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மூன்று இயக்குநர்களில் ஒருவர் 2024 ஜூன் 30-உடன் விலகிவிட்டார். நடப்புக் கணக்கில் இனி கணக்கு மேலாளரும் கையெழுத்திட வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டம் ஜூலை 12 அன்று. வரைவை முன்கூட்டியே வங்கியில் காட்டினேன், "தெளிவில்லை" என்று திருப்பிவிட்டார்கள். வங்கிக்கு ஆங்கிலத்தில்தான் போகும். பொருள் புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்:

"இயக்குநர் விலகியதைத் தொடர்ந்து வங்கிக் கணக்கு பற்றி விவாதிக்கப்பட்டது. கணக்கு மேலாளரும் கையெழுத்திடலாம் எனக் கருதப்பட்டது. இது 1-7-2024 முதல் அமலுக்கு வரும்."

வரிக்காரர்:
அதிகாரம் எங்கே? "கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 179(3)-இன்படி" என்று சேருங்கள். கம்பெனிப் பதிவாளரிடம் MGT-14 படிவமும் தாக்கல் செய்ய வேண்டும்.

குடியிருப்போர் சங்கச் செயலர்:
எங்கள் சங்கத்தில் தலைவர், பொருளாளர் இருவர் கையெழுத்து போதும். பொதுக்குழுவில் கைதூக்கி முடித்துவிட்டோம். இதற்குப் போய் இவ்வளவு பாடா?

பழைய சிஎஸ்:
சங்கத்துக்கு அதன் துணைவிதி, கம்பெனிக்கு வேறு கதை.

வரிக்காரர் சொன்னதில் பாதி சரி, அதிகாரத்தைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் 179(3) என்பது கடன் வாங்குவது, முதலீடு செய்வது போன்றவற்றின் பட்டியல். செக்கில் யார் கையெழுத்திடுவது என்பது அதில் இல்லை. ஓவர்டிராஃப்ட் ஏற்பாட்டைச் செய்துகொள்வது அந்தப் பட்டியலில் வரும். அந்தக் கணக்கை அன்றாடம் இயக்குவது வராது என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. எனவே குழுவின் பொது அதிகாரமான 179(1)-ஐயும், உங்கள் கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிக்கிள்ஸில் வங்கிக் கணக்கு பற்றிய விதி இருந்தால் அதன் எண்ணையும் எழுதினால் போதும். 179(3) தீர்மானங்களுக்கே MGT-14-லிருந்து பிரைவேட் கம்பெனிகளுக்கு 2015-லேயே விலக்கு உண்டு.

அதைவிட, "கருதப்பட்டது" என்பது முடிவே இல்லை. மேலாளர் தனியாகக் கையெழுத்திடலாமா, ஒரு இயக்குநரோடு சேர்ந்தா? "மேலாளரும்" என்ற அந்த "உம்" இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. வங்கி தயங்கியது அதனால்தான் இருக்கும். இப்போது நடப்பில் இருக்கும் ஏற்பாடு என்ன? ஜூலை 1 எங்கிருந்து வந்தது?

கணக்குப்பிள்ளை:
10-6-2019 தீர்மானப்படி மூன்று இயக்குநர்களில் எவரேனும் இருவர் சேர்ந்து. இனி மேலாளர் + ஒரு இயக்குநர், அல்லது இரண்டு இயக்குநர்கள். ஜூலை 1 எதற்கென்றால்... 4-ஆம் தேதி மேலாளர் அவசரத்தில் ஒரு செக்கில் கையெழுத்திட்டுவிட்டார், அது திரும்பி வந்தது. அதையும் சேர்த்துச் சரிக்கட்டலாமே என்று பார்த்தேன்.

பழைய சிஎஸ்:
அதான் பார்த்தேன்! 12-ஆம் தேதி கூடும் குழு, 4-ஆம் தேதி வங்கியிடம் இல்லாத அதிகாரத்தை வங்கிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. திரும்பி வந்த செக் அப்படியே இருக்கட்டும், புதிதாக எழுதிக் கொடுங்கள். அமல் தேதியாகக் கூட்டத்துக்குப் பின் வரும் ஒரு நாளை வையுங்கள். இப்படி:

"கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 179(1) மற்றும் ஆர்ட்டிக்கிள்ஸ் விதி எண் ___ வழங்கும் அதிகாரத்தின்படி, 10-6-2019 அன்று நிறைவேற்றிய தீர்மானத்துக்குப் பதிலாக, ___ வங்கி, ___ கிளை, ___ எண் நடப்புக் கணக்கின் காசோலைகளில் (அ) இயக்குநர்கள் இருவர் சேர்ந்தோ (ஆ) இயக்குநர் ஒருவரும் கணக்கு மேலாளர் திரு. ___ அவர்களும் சேர்ந்தோ கையெழுத்திட அதிகாரம் அளிப்பதென்று தீர்மானிக்கப்பட்டது. இது 15-7-2024 முதல் அமலுக்கு வரும்."

பழைய தீர்மானத்தின் தேதியைச் சொல்லாமல் விட்டால் இரண்டும் உயிரோடு இருக்கும், கவனம். இயக்குநர்களின் பெயர், DIN, மாதிரிக் கையெழுத்தைக் கீழே அட்டவணையாகப் போடுங்கள். விவாதம், விலகல் கடிதம் எல்லாம் மினிட்ஸில் மேலே ஒரு பத்தியாக இருக்கட்டும், தீர்மானத்துக்குள் வேண்டாம்.

வரிக்காரர்:
179(1), சரி. "உடனடியாக அமலுக்கு வரும்" என்றால் போதாதா?

பழைய சிஎஸ்:
கூட்டம் நடந்த நாளா, சேர்மன் மினிட்ஸில் கையெழுத்திட்ட நாளா, நகல் வங்கிக்குப் போன நாளா? கவுன்டரில் இருப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? தேதியையே எழுதிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒரே ஒரு சிக்கல். விலகிய இயக்குநர் ஜூன் 28-இல் கையெழுத்திட்ட செக் ஒன்று சப்ளையரிடம் இருக்கிறது, இன்னும் வங்கிக்கு வரவில்லை.

பழைய சிஎஸ்:
அன்று அவருக்கு அதிகாரம் இருந்தது. "30-6-2024 வரையிலான தேதியிட்டு, முந்தைய தீர்மானப்படி வழங்கிய காசோலைகளை வங்கி ஏற்கலாம்" என்று ஒரு வரி சேர்த்து, செக் எண்ணையும் தொகையையும் கொடுத்துப் பாருங்கள். ஏற்பார்களா என்பது கிளைக்குக் கிளை மாறும். எனக்கு ஒருமுறை ஏற்றார்கள், ஒருமுறை மாற்றிக் கொடுக்கச் சொன்னார்கள்.

கணக்குப்பிள்ளை:
நாளைக் காலை கிளையில் கேட்கிறேன். ஆர்ட்டிக்கிள்ஸ் பிரதியைத்தான் காணோம், முதலில் அதைத் தேட வேண்டும்.