மூன்று மின்தடைகளும் ஒரே கோட்டில்தான் இருக்கின்றன, ஏன் கூட்டக் கூடாது?

புதுமாணவி: நாளைக்குத் தேர்வு, அவசரம். 6, 3, 2 ஓம் மூன்றும் ஒரே கோட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. தொடரிணைப்புதானே? கூட்டினால் 11. ஆனால் விடை 1 ஓம் என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

கம்பிச்சுருள்: வேறு கம்பி எதுவும் போகிறதா? மின்கலம் எங்கே?

தீப்பொறி: மின்னோட்டம் பிரிந்தால் பக்க இணைப்பு, பிரியாவிட்டால் தொடர். அவ்வளவுதான்.

புதுமாணவி: முனைகள் இடமிருந்து A, B, C, D. மின்கலம் A-க்கும் D-க்கும். மேலே A-யிலிருந்து C-க்கு ஒரு கம்பி, B-யிலிருந்து D-க்கு ஒரு கம்பி. அவற்றில் மின்தடை இல்லையே என்று சொல்லாமல் விட்டேன்.

ஓம்காரன்: கணக்கே அந்தக் கம்பிகளில்தான் இருக்கிறது. கேள்வியைப் பாதி மறைத்துவிட்டு விடை கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. வண்ணப் பேனா எடுங்கள். A-யிலிருந்து சிவப்பைத் தொடங்கி, மின்தடை குறுக்கிடும் வரை கம்பி போகும் இடமெல்லாம் தீட்டுங்கள்; C-யும் சிவப்பாகும். அப்புறம் D-யிலிருந்து நீலம், B-யும் நீலமாகும். இப்போது ஒவ்வொரு மின்தடைக்கும் ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். மூன்றும் பக்க இணைப்பு. நடுவில் உள்ள 3 ஓமில் மின்னோட்டம் மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் ஓடும்.

கம்பிச்சுருள்: அந்த இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று வெட்டுமே. வெட்டும் இடத்தில் புள்ளி உண்டா?

தீப்பொறி: கோடுகள் வெட்டினாலே இணைப்புதான். நான் படித்த படங்களில் புள்ளியே இருக்காது.

ஓம்காரன்: இணைந்திருந்தால் நான்கு முனைகளும் ஒன்றாகி மின்கலம் குறுக்குச் சுற்றாகிவிடும், விடை 0 வரும். 1 வருவதால் இணையவில்லை.

தீப்பொறி: விடை தெரிந்ததால் சொல்கிறீர்கள். விடை தராத படத்தில் என்ன செய்வது?

கம்பிச்சுருள்: அது நியாயமான கேள்விதான். அதே படத்தில் மற்ற சந்திப்புகளுக்குப் புள்ளி வைத்திருந்தால், வைக்காத இடம் இணைப்பில்லை. எங்குமே புள்ளி இல்லையென்றால் வரைந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

நள்ளிரவுப்படிப்பு: என் படத்தில் சாய்சதுரமாக நான்கு, நடுவில் குறுக்கே ஒன்று. மின்னோட்டம் பிரிகிறது, ஆனால் பக்க இணைப்பாகக் கணக்கிட்டால் விடை தப்பாகிறது.

ஓம்காரன்: பிரிந்தால் மட்டும் போதாது, இரண்டு முனைகளும் பொதுவாக இருக்க வேண்டும். தொடர் என்றால், இரண்டு மின்தடைகள் சேரும் இடத்தில் மூன்றாவது வழி கிளம்பக் கூடாது. உங்கள் படத்தில் எந்த ஜோடியும் இரண்டிலும் சேராது.

தீப்பொறி: எதிரெதிர் விகிதங்கள் சமமாக இருந்தால் நடுவில் இருப்பதை எடுத்துவிடலாமே?

நள்ளிரவுப்படிப்பு: சமமாக இல்லை. 

புதுமாணவி: தீட்டிப் பார்த்தேன், இரண்டே நிறம்தான். 1/6 + 1/3 + 1/2 = 1. சரியாக வந்தது. வெட்டும் இடத்தில் புள்ளியும் இல்லை. நன்றி.

நள்ளிரவுப்படிப்பு: அப்போது என் ஐந்துக்கு என்ன வழி?