RATE போட்டால் #NUM! வருகிறது, அவசரம்

நெல்லைக்காரன்: அப்பாவுக்கு ஒரு சேமிப்புத் திட்டம். மாதம் 5,000 கட்டினால் முடிவில் 35 லட்சமாம். வட்டி எவ்வளவு என்று எக்செலில் RATE போட்டால் #NUM! வருகிறது. நாளைக்குள் பதில் சொல்லணும், உதவுங்க.

மலர்விழி: எத்தனை மாதம்? போட்ட சூத்திரத்தை அப்படியே ஒட்டுங்க.

சேகர்_திருச்சி: குறி தப்பு, வேறொன்றும் இருக்காது. கட்டுகிற பணத்துக்கு மைனஸ் போடுங்க.

பாபு77: எனக்கும் இதேதான்! 1 லட்சம் கடன், 12 மாதம், தவணை 9,333. =RATE(12,9333,100000) போட்டேன்.

சேகர்_திருச்சி: பாபு, உங்களுக்குத்தான் நான் சொன்னது பொருந்தும். -9333 போடுங்க.

நெல்லைக்காரன்: மைனஸ் இருக்கு அண்ணா. 25 வருஷம்.

```
=RATE(300,-5000,0,3500000,1)
```

கணக்கர்: இதை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் நாலு பேர் நேரம் மிச்சமாகியிருக்கும். கடைசியில் guess என்று ஓர் இடம் இருப்பதை யாரும் பார்ப்பதே இல்லை. அதைக் காலியாக விட்டால் எக்செல் 10 சதவீதத்தில் தேட ஆரம்பிக்கும். உங்கள் கணக்கு மாதக்கணக்கு, ஆக அது மாதத்துக்கு 10. அந்த வட்டியில் 300 மாதம் கட்டினால் தொகை 18 இலக்கம் வரும், உங்களுக்கு வேண்டியது 7 இலக்கம். 20 முறை முயன்றும் விடை ஓரிடத்தில் நிலைக்காவிட்டால் கைவிட்டு #NUM! காட்டும்.

நெல்லைக்காரன்: 6 போட்டேன். அதே பிழை.

கணக்கர்: தம்பி, 6 என்றால் மாதம் 600 சதவீதம். வருஷத்துக்கு 6 இருக்கும் என்று நினைத்தால் இப்படி:

```
=RATE(300,-5000,0,3500000,1,0.06/12)
```

மலர்விழி: என்னிடம் இருக்கும் இலவச மென்பொருளில் guess இல்லாமலேயே விடை வந்ததே?

கணக்கர்: வரலாம். எத்தனை முறை முயலும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்.

நெல்லைக்காரன்: வந்துடுச்சு! ஆனால் 1% என்று காட்டுது. அப்போ வருஷம் 12ஆ?

மலர்விழி: அவசரப்படாதீங்க. அந்தக் கட்டம் தசமத்தை மறைத்துவிடும். தசம இடத்தைக் கூட்டினால் 0.503% தெரியும். 12ஆல் பெருக்குங்க, 6.03.

சேகர்_திருச்சி: பெருக்கக் கூடாது. வட்டிக்கு வட்டி சேர்த்தால் 6.20.

கணக்கர்: கடனுக்கு வங்கி சொல்வது பெருக்கின கணக்குதான்.

சேகர்_திருச்சி: இவர் கேட்பது கடனா? ஒரு வருஷ வைப்புநிதியோடு ஒப்பிடணும் என்றால் 6.20தான்.

கணக்கர்: எதை வைத்துக்கொண்டாலும், எதை என்று எழுதி வையுங்கள்.

பாபு77: மைனஸ் போட்டதும் எனக்கு மாதம் 1.79 வருது. வருஷத்துக்கு 21க்கு மேல! அவர்கள் 12 சதவீதம் என்றுதானே சொன்னார்கள்?

மலர்விழி: அது ஃபிளாட் ரேட் பாபு. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. தனி இழை போடுங்க.

நெல்லைக்காரன்: 6.03ஐ FVயில் திருப்பிப் போட்டேன், 35 லட்சத்தை ஒட்டி வந்தது. முகவர் சொன்னது 9. நன்றி.

சேகர்_திருச்சி: 9ஆ? எந்தக் கணக்கில்? கேட்டுச் சொல்லுங்க.