லேசாக ஃபோகஸ் விட்ட ஃபுட்டேஜ்: ஷார்ப்பனிங் எதைக் காப்பாற்றியது, எதை முடியவில்லை? (அனுபவப் பகிர்வு)

வெட்டுமேசை

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் நேர்காணலை எடிட் செய்யும் வேலை வந்தது. இரண்டு கேமரா, 4K, 25 ஃப்ரேம். வைட் ஷாட் கச்சிதமாக இருக்கிறது. க்ளோசப்தான் தகராறு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 எம்எம் லென்ஸை f/2-வில் வைத்து, சுமார் இரண்டு மீட்டர் தூரத்தில் எடுத்திருக்கிறார்கள். அந்தத் தூரத்தில் ஃபோகஸுக்குள் நிற்கும் ஆழம் 6 செ.மீ. அளவுதான். ஐயா உற்சாகம் வந்தால் முன்னால் சாய்ந்து பேசுகிறவர். சாய்ந்ததும் ஃபோகஸ் கண்ணை விட்டுக் காதுக்குப் போய்விடுகிறது.

ஷார்ப்பனிங்கைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு க்ளோசப்பையும் 200 சதவீதத்தில் பெரிதாக்கி, கண்ணிமை முடியை மட்டும் பார்த்தேன். சில ஷாட்டில் முடிகள் மங்கலாக இருந்தாலும் தனித்தனியாகத் தெரிந்தன. சிலவற்றில் இமை முழுவதும் ஒரே சாம்பல் பட்டையாக இருந்தது. இந்த ஒரு பார்வையிலேயே எதைக் காப்பாற்றலாம், எதை முடியாது என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது.

முதல் வகைக்குச் செய்தது இதுதான். கேட்டது 1080 வீடியோ என்பதால் 4K-வைச் சுருக்கியதுமே பாதி வேலை முடிந்தது. நான்கு பிக்சல் அகலத்துக்குக் கலங்கிய விளிம்பு இரண்டு பிக்சலாகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ரிசால்வில் கடைசி நோடாக ஒன்றைச் சேர்த்து, Blur பேலட்டில் Sharpen-க்கு மாற்றி, Radius-ஐ 0.50-இலிருந்து 0.47-க்கு இறக்கினேன். அந்த நோடை LAB-க்கு மாற்றி 2, 3 சேனல்களை அணைத்துவிட்டேன். அப்போது நிறத்தில் இருக்கும் நாய்ஸ் கிளம்பாமல், வெளிச்ச வித்தியாசம் மட்டும் கூடுகிறது. பக்கத்து வைட் ஷாட்டோடு ஒட்டிப் பார்த்தபோது உறுத்தவில்லை.

இரண்டாம் வகையில் அதே அளவைப் போட்டேன். காதுமடலில் உள்ள முடி, சட்டைக் காலரின் தையல் எல்லாம் கத்தியாக வந்தன. கண் அப்படியே இருந்தது. இன்னும் சொன்னால் முன்பைவிட மோசமாகத் தெரிந்தது, ஏனென்றால் பார்க்கிறவர் கண் காதுக்குப் போகிறது. ஷார்ப்பனிங்கை எடுத்துவிட்டு, முடிந்த இடங்களில் வைட் ஷாட்டுக்கு வெட்டினேன். ஒரு இடத்தில் மட்டும் வழியில்லை. தன் ஆசிரியரை நினைத்து அவர் குரல் உடையும் இடம் அது. அதை மங்கலாகவே விட்டுவிட்டேன்.

இதுபோல் மாட்டியவர்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

மாலைமாற்று

கல்யாண வீடியோதான் என் தொழில். எனக்கு இதெல்லாம் தேவைப்பட்டதே இல்லை சார். Midtone Detail-ஐ 30 அளவுக்கு ஏற்றிவிட்டால் போதும், முழு டைம்லைனும் பளிச்சென்று ஆகிவிடும். ஷார்ப்பன் போட்டால்தான் வெள்ளைக்கோடு வரும். இதில் வராது. தாலி கட்டும் நேரத்தில் உறவுக்காரர்கள் தள்ளித் தள்ளி ஃபோகஸ் போன ஷாட்டைக்கூட இப்படித்தான் கொடுத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை.

கலர்நோடு

மாலைமாற்று தம்பி, நீங்கள் சொல்வது ஒரு எல்லை வரை சரி. ஷார்ப்பன் விளிம்பை ஒட்டிய ஓரிரு பிக்சலில் வேலை செய்கிறது. Midtone Detail அதைவிட அகலமான பரப்பில் கான்ட்ராஸ்டைக் கூட்டுகிறது. கல்யாண ஆல்பத்தைப் போனில் பார்ப்பவர்களுக்கு அந்தச் சின்னத் திரையில் அதுவே தெளிவு மாதிரி இருக்கும். ஆனால் இமைமுடியோ பட்டுச்சேலையின் நூலோ அதனால் திரும்பி வரவில்லை. கன்னத்தில் மேக்கப் திட்டுத்திட்டாகத் தெரிவதும், ஹோமப் புகை அழுக்குப் படலம் மாதிரி ஆவதும் அதே 30-ஆல்தான். முழு டைம்லைனுக்கும் போடாமல், முகத்தைத் தனியாக மாஸ்க் எடுத்து அங்கே குறைத்துப் பாருங்கள்.

வெட்டுமேசை சொன்ன இமைமுடிச் சோதனைதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். ஷார்ப்பனிங் செய்வது ஒரே காரியம். படத்தை மங்கலாக்கி ஒரு நகல் எடுத்து, மூலத்திலிருந்து அதைக் கழித்து, கிடைக்கும் வித்தியாசத்தைப் பெருக்கித் திரும்பச் சேர்க்கிறது. வித்தியாசம் கொஞ்சமாவது இருந்தால்தான் பெருக்க முடியும். இரண்டு முடிக்கு நடுவில் துளி வெளிச்சம் மிச்சம் இருந்தால் அதைத் தூக்கிக் காட்டும். இரண்டும் கலந்து ஒரே சாம்பலாகிவிட்டால் அங்கே பெருக்குவதற்கு நாய்ஸ் மட்டுமே இருக்கிறது, அதைப் பெருக்கும். அளவைக் கூட்டக் கூட முகம் தெளிவடையாமல் மணல் தூவிய மாதிரி ஆவது இதனால்தான்.

வெள்ளைக்கோடும் அங்கிருந்தே வருகிறது. கறுப்புத் தலைமுடிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால், அந்த எல்லையில் வித்தியாசம் ஏற்கெனவே பெரிது. அதையும் பெருக்கும்போது முடியின் ஓரம் இன்னும் கறுத்து, சுவரின் ஓரம் இன்னும் வெளுத்துவிடும். அந்தக் கோடு தெரிய ஆரம்பிக்கிற அளவுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் அந்த ஷாட் தராது.

தேரடி

என் பிரச்சினை வேறு. எங்கள் ஊர்த் தேரோட்டத்தை மாலை வெளிச்சம் போன நேரத்தில் 200 எம்எம்மில் எடுத்தேன். ஷட்டர் 1/50. வடம் பிடிக்கிற ஆட்களின் முகம் நிறைய ஃப்ரேமில் மங்கல். ஷார்ப்பன் போட்டால் ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டு ஓரம் வந்து நிற்கிறது. லென்ஸ் கோளாறா, நான் சர்வீஸுக்குக் கொடுக்கட்டுமா?

கலர்நோடு

கொடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். தேரில் சீரியல் பல்பு கட்டியிருப்பார்கள் இல்லையா, அந்தப் புள்ளிகள் எப்படித் தெரிகின்றன? வட்டமாக ஊதிப்போயிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. ஒரு பக்கமாகக் கோடு இழுத்திருந்தால் அசைவு. கோடு எல்லாப் பல்பிலும் ஒரே திசையில் இருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. தேர் மட்டும் இழுபட்டுப் பின்னால் கோபுர விளக்கு புள்ளியாகவே நின்றால் தேர் நகர்ந்திருக்கிறது.

தேரடி

பார்த்தேன் அக்கா. எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்த கோடு. அப்படியென்றால் என் கைதான். மோனோபாட்டில் வைத்துத்தான் எடுத்தேன், கூட்டம் இடித்திருக்கும்.

கலர்நோடு

அப்படியானால் லென்ஸைத் தொடாதீர்கள். கோடாக இழுபட்ட விளிம்புக்கு இரண்டு முனை இருக்கும், ஷார்ப்பன் இரண்டையும் கூராக்குகிறது. நீங்கள் பார்க்கிற இரட்டை ஓரம் அதுதான். ஃப்ரேமை நிறுத்திப் பார்க்காமல் ஓடவிட்டுப் பாருங்கள். அசைவு மங்கல் ஓடும்போது பெரும்பாலும் இயல்பாகத்தான் இருக்கும். அதைச் சும்மா விடுவதே நல்லது. இன்னொன்று: அந்த ஷாட்டை ஸ்டெபிலைஸ் செய்துவிடாதீர்கள். ஆட்டம் நின்று மங்கல் மட்டும் விட்டுவிட்டு வந்தால் காரணமே இல்லாமல் படம் கலங்குகிற மாதிரி இருக்கும்.

கேசட்பெட்டி

வணக்கம். அப்பா அம்மா கல்யாண VHS கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருக்கிறேன். ரொம்ப மங்கலாக இருக்கிறது. மேலே சொன்ன மாதிரி ரிசால்வில் Radius-ஐ 0.40 வரை இறக்கினேன். அம்மா முகம் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வந்துவிட்டது. 4K-வாக மாற்றிவிட்டு ஷார்ப்பன் போட்டால் சரியாகுமா?

வெட்டுமேசை

உங்களுடையது ஃபோகஸ் பிரச்சினை இல்லை, கேசட்டே அவ்வளவுதான் பதிவு செய்யும். 720×576-ஆகப் பிடித்திருந்தாலும் குறுக்கே VHS-இல் உண்மையில் இருக்கும் விவரம் 240 கோடு அளவுதான். 4K-வாக்கினால் அதே விவரம் பெரிய பரப்பில் பரவும், புதிதாக எதுவும் வராது.

சீப்புப் பல் கோடு வந்ததற்குக் காரணம் இன்டர்லேஸ். ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் வெவ்வேறு நேரத்தில் பதிவானவை. அதைப் பிரிக்காமல் ஷார்ப்பன் போட்டால் அந்த வித்தியாசத்தையும் விளிம்பு என்று எடுத்துக்கொள்ளும். முதலில் டிஇன்டர்லேஸ், அப்புறம் லேசாக நாய்ஸ் குறைப்பு, கடைசியில்தான் ஷார்ப்பன். ffmpeg-இல் இப்படிக் கொடுத்துப் பாருங்கள்:

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif=mode=send_field,hqdn3d,unsharp=3:3:0.4" -c:v libx264 -crf 16 out.mp4
```

unsharp-இல் கடைசி எண்தான் அளவு. 0.4-ஐத் தாண்ட அவசரப்படாதீர்கள். பழைய VCR நிறைய தானே ஒரு ஷார்ப்பனிங்கைச் சேர்த்துத்தான் படத்தை வெளியே அனுப்பும். சேலைக் கரையை ஒட்டி ஏற்கெனவே வெள்ளைக்கோடு இருந்தால் அது கேசட்டை ஓட்டும்போதே வந்தது. பிளேயரில் SHARPNESS திருகு இருந்தால் அதைக் குறைத்து மறுபடி பிடித்துப் பாருங்கள். கேசட் நல்ல நிலையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

கேசட்பெட்டி

கோடு போய்விட்டது சார். முகம் இன்னும் மங்கல்தான், ஆனால் அம்மா என்று தெரிகிறது. பிளேயரில் திருகு இருக்கிறது, நடுவில் நிற்கிறது. குறைத்துப் பார்க்கிறேன்.

மாலைமாற்று

வெட்டுமேசை சார், அந்தக் குரல் உடையும் ஷாட்டை மங்கலாக விட்டேன் என்றீர்களே. முன்னும் பின்னும் ஷார்ப்பாக இருந்து நடுவில் மட்டும் மங்கினால் பளிச்சென்று மாட்டிக்கொள்ளுமே?

வெட்டுமேசை

மாட்டியது. அதனால் அதற்கு முன்னும் பின்னும் வருகிற க்ளோசப்களில் போட்ட ஷார்ப்பனிங்கை எடுத்துவிட்டேன். வைட் ஷாட்டிலும் Radius-ஐ 0.52-க்கு ஏற்றி ஒரு துளி மென்மையாக்கினேன். பிறகு மூன்றின் மேலும் ஒரே அளவு ஃபிலிம் க்ரெயின். க்ரெயின் எல்லா ஷாட்டிலும் ஒரே கூர்மையில் இருப்பதால் கண் அதைப் பிடித்துக்கொள்கிறது, அடியில் உள்ள வித்தியாசம் குறைகிறது.

கலர்நோடு

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு ஷாட் கெட்டதற்காக நல்ல ஷாட்டைக் கெடுப்பதா? அந்த இடத்தில் பார்க்கிறவர் ஐயாவின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். க்ரெயினும் யூடியூபுக்குப் போனால் நிற்காது. அங்கே கம்ப்ரெஷன் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கட்டம் கட்டமாக்கும். திரையிடலுக்கு என்றால் நீங்கள் செய்தது சரியாக இருக்கலாம்.

வெட்டுமேசை

இரண்டுக்கும் கேட்டிருக்கிறார்கள். யூடியூபுக்கான கோப்பில் க்ரெயினை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். வைட் ஷாட்டை மென்மையாக்கியதை மாற்ற மனமில்லை, ஓடவிட்டால் அந்த இடத்தில் வெட்டு தெரியவே இல்லை.

மாலைமாற்று

அக்கா சொன்னாரே என்று பழைய கல்யாணம் ஒன்றை எடுத்து வீட்டில் 55 இன்ச் டிவியில் போட்டேன். லேப்டாப்பில் தெரியாத புகைத் திட்டு அதில் தெரிகிறது. மணமகள் கன்னமும் அப்படித்தான். முகத்துக்கு மாஸ்க் எடுத்து 30-ஐ 10-ஆகக் குறைத்ததும் கன்னம் சரியானது, மாலையும் நகையும் பளிச்சென்றே நிற்கின்றன. ஆனால் தாலி கட்டும் ஷாட்டில் மாஸ்க் ஓடும்போது கை குறுக்கே வந்து டிராக் அறுந்துவிடுகிறது. அதற்கு என்ன செய்வது?

கலர்நோடு

கை வருவதற்கு முந்தைய ஃப்ரேமில் டிராக்கை நிறுத்திவிட்டு, கை விலகிய பிறகு மறுபடி ஆரம்பியுங்கள். நடுவில் உள்ள ஃப்ரேம்களை Frame மோடில் கையால் நகர்த்தி வையுங்கள். மாஸ்க் ஓரத்தை நன்றாக மென்மையாக்கி வைத்தால் அங்கே கொஞ்சம் விலகினாலும் தெரியாது. டிவியில் போடும்போது டிவியின் சொந்த Sharpness எவ்வளவில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். நிறைய டிவியில் வரும்போதே கூட்டி வைத்திருப்பார்கள், அப்புறம் இல்லாத கோட்டுக்கு உங்கள் எடிட்டில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.