ஜிப்சம் போர்டு தடுப்புச் சுவர்: கதவு மூலையில் விரிசல், ஜாயிண்டில் மேடு. உங்கள் அனுபவம் என்ன?

மாடிவீடு (கோவை)
மாடி ஹாலைப் பிரித்து ஓர் ஆபீஸ் அறை எடுத்தோம். 50 மி.மீ. ஜிஐ ஸ்டட், 2 அடிக்கு ஒன்று. இரண்டு பக்கமும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு. 10 அடி போர்டே கிடைத்ததால் குறுக்கு ஜாயிண்ட் கிடையாது. நடுவில் 3 அடிக் கதவு. பெயிண்ட் அடித்து சில மாதங்களிலேயே கதவின் இரு மேல் மூலைகளிலிருந்தும் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு நேராகத் தளம் வரை போய்விட்டது. அது போக, சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது 4 அடிக்கு ஒரு இடத்தில் செங்குத்தாக மேடு தெரிகிறது. விரலால் தடவினாலே தட்டுப்படும். வேலை எடுத்தவர், "புது வேலை சார், செட்டாகுது" என்கிறார். இப்படி யாருக்காவது ஆகியிருக்கிறதா?

பெயிண்டர் தம்பி
அண்ணே, நான் பார்த்ததில் பாதி இடத்தில் காரணம் பட்டிதான். ஜாயிண்டுக்கு என்று வரும் காம்பவுண்டை விட்டுவிட்டு, சிமெண்ட் சுவருக்குப் பூசுகிற வெள்ளைப் பட்டியை அடைத்துவிடுகிறார்கள். கல் மாதிரி இறுகும், ஆனால் போர்டு கொஞ்சம் அசைந்தாலும் கோடு விடும். கோட்டைச் சுரண்டி, ஒட்டுகிற வலை டேப் போட்டு, மறுபடி பட்டி பார்த்தால் போதும். மேட்டை 120 நம்பர் பேப்பரில் தேய்த்து எடுத்துவிடலாம்.

துபாய் ஃபோர்மேன்
தம்பி பட்டியைப் பற்றிச் சொன்னது சரி, வைத்தியம்தான் சரியில்லை. மேட்டைத் தேய்த்தால் டேப் வெளியே வரும். டேப் தாண்டிப் போனால் போர்டின் காகிதமே கிழியும். காகிதம் போனால் போர்டுக்கு வலுவே இல்லை.

மாடிவீடு ஐயா, உங்களுடையது இரண்டு வெவ்வேறு கோளாறு. கதவை முதலில் சொல்கிறேன். கோடு கதவு மூலையில் ஆரம்பித்து நேராக மேலே போகிறது என்றால், கதவுச் சட்டத்தை ஒட்டிய ஸ்டட்டிலேயே போர்டின் ஜாயிண்டை வைத்திருக்கிறார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு முழு போர்டு, அந்தப் பக்கம் ஒன்று, மேலே தனியாக ஒரு துண்டு. வெட்ட சுலபம், சேதாரமும் குறைவு. ஆனால் கதவை அறையும்போதெல்லாம் அந்த அதிர்வு நேராக அந்த ஜாயிண்டில்தான் இறங்கும். எங்கள் சைட்டில் அப்படிப் போட்டால் கன்சல்டன்ட் ஆள் அன்றைக்கே கழற்றச் சொல்வார். பக்கத்துப் போர்டை 'ட' எழுத்து மாதிரி வெட்டி, கதவின் தலைக்கு மேல் திருப்பிக் கொண்டுபோய், நடுவில் நிற்கும் குட்டை ஸ்டட்டில்தான் சேர்க்க வேண்டும்.

மேட்டுக்கு, 2 அடி ரசமட்டம் ஒன்றை ஜாயிண்டுக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள். ஒரு போர்டு மட்டும் உயர்ந்து படியாக இருக்கிறதா, இல்லை ஜாயிண்ட் நடுவில் மேடாகி மட்டம் இரண்டு பக்கமும் ஆடுகிறதா? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தி.நகர் அக்கா
எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினை. ஆனால் கோடு இல்லை, தரையை ஒட்டி அரை அடிக்கு போர்டு உப்பி பெயிண்ட் உரிகிறது. இதற்கும் டேப் போட வேண்டுமா?

துபாய் ஃபோர்மேன்
அது வேறு கதை அக்கா. போர்டைத் தரையிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். வீடு துடைக்கிற தண்ணீரை அது உறிஞ்சுகிறது. 10 மி.மீ. தூக்கிப் போட்டு, இடைவெளியை ஸ்கர்ட்டிங்கால் மறைக்க வேண்டும். உப்பிய அளவுக்கு வெட்டி எடுத்து மாற்றுங்கள்.

மாடிவீடு (கோவை)
வைத்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் மட்டும் மட்டம் ஆடுகிறது. மற்ற எல்லா ஜாயிண்டிலும் படிதான், எங்கே பார்த்தாலும் வலப்பக்கத்துப் போர்டுதான் உயரம். அதிகபட்சம் 2 மி.மீ. இருக்கும். கதவு விஷயத்தில் நீங்கள் சொன்னது அப்படியே. சட்டத்தின் ஓரத்தில்தான் ஜாயிண்ட், மேலே தனித் துண்டு.

துபாய் ஃபோர்மேன்
எல்லா இடத்திலும் ஒரே பக்கம் உயரம் என்றால் ஸ்டட் நின்ற திசையும் போர்டு போட்ட திசையும் ஒத்துப்போகவில்லை. ஸ்டட்டுக்கு ஒரு பக்கம் முதுகு, ஒரு பக்கம் திறந்த வாய். வாய்ப்பக்க ஓரம் மெல்லிய தகடு, அழுத்தினால் உள்ளே போகும். முதல் போர்டின் ஓரத்தை அந்த வாய்ப்பக்கத்தில் முடுக்கிவிட்டால் தகடு போர்டோடு பிடித்துக்கொண்டு விறைப்பாகிவிடும். அடுத்த போர்டு முதுகுப் பக்கம் உட்காரும்போது ஏற்கனவே அங்கே வலு இருக்கிறது, இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். தலைகீழாகப் போட்டால், இரண்டாவது போர்டின் ஸ்க்ரூ இறங்கும்போது வாய்ப்பக்கத் தகடு நழுவி உள்ளே மடங்கும், படி விழும். அதனால் எல்லா ஸ்டட்டின் வாயும் நீங்கள் போர்டு ஆரம்பிக்கிற மூலையைப் பார்த்து நிற்க வேண்டும். ஒன்றைத் திருப்பி வைத்தாலும் அந்த ஜாயிண்டில் தெரியும்.

மட்டம் ஆடுகிற அந்த ஓர் இடத்தில், அகலம் குறைக்க வெட்டிய போர்டு வந்திருக்கும். கம்பெனியிலிருந்து வரும் நீள ஓரம் சரிவாக இருக்கும், டேப்பும் காம்பவுண்டும் அந்தப் பள்ளத்தில் அடங்கிவிடும். வெட்டிய ஓரத்தில் பள்ளம் கிடையாது. அங்கே டேப் மேலேதான் உட்காரும், காம்பவுண்டை அகலமாக இழுத்து ஏமாற்றினால்தான் உண்டு.

மரவேலை
வலை டேப்பை எல்லோரும் திட்டுகிறார்கள். நான் பல வருஷமாக அதைத்தான் போடுகிறேன், விரிசல் வரவில்லை. தண்ணீரில் கலந்தால் தானே இறுகுகிற பவுடர் காம்பவுண்டை முதல் கோட்டாகப் போடுவேன். டப்பாவில் ரெடியாக வருவதை வலை டேப்புக்கு அடியில் போட்டால்தான் வம்பு. பேப்பர் டேப்பில் அடியில் காம்பவுண்டு குறைந்தால் குமிழ் விடும், அதை யாரும் சொல்வதில்லை.

துபாய் ஃபோர்மேன்
குமிழ் விடுவது டேப்பின் குற்றமில்லை, கைக் குற்றம். அடியில் காம்பவுண்டைத் தாராளமாக வைத்து, தகட்டால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இழுத்தால் விடாது. பவுடரோடு வலை டேப் நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவு மேலேயும் உள்மூலையிலும் நான் பேப்பர்தான்.

மாடிவீடு ஐயா, படிக்கு வழி: உயர்ந்த பக்கத்தைத் தொடாதீர்கள், தாழ்ந்த பக்கம் ஒன்றரை அடி வரை காம்பவுண்டை மெல்லிசாக இழுத்து வாருங்கள். ஒரே கோட்டில் நிரப்பினால் சுருங்கிப் பள்ளம் விழும். இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்து வெளுத்த பிறகு அடுத்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் போதாது. பெயிண்ட் பளபளப்பு இல்லாததாக இருக்கட்டும், பளபளப்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

கதவுக்குக் குறுக்கு வழி இல்லை. இரு பக்கப் போர்டையும் மேல் துண்டையும் கழற்றி 'ட' வெட்டில் புதிதாகப் போட வேண்டும். மேலே குட்டை ஸ்டட் இரண்டு நிறுத்துங்கள். வெளிப்பக்க ஜாயிண்ட் ஒன்றில், உள்பக்க ஜாயிண்ட் மற்றதில் விழட்டும். இரண்டும் ஒரே ஸ்டட்டில் வேண்டாம்.

பெயிண்டர் தம்பி
இவ்வளவும் உடைக்கிறதுக்கு, மூலையில் ஒரு மரப் பட்டை அடித்து மறைத்துவிடலாமே அண்ணே?

மரவேலை
மறைக்கலாம், செலவு குறைவுதான். ஒன்று கேட்க வேண்டும்: மேலே தளத்துச் சேனலிலும் போர்டை ஸ்க்ரூ அடித்திருக்கிறார்களா? அப்படியானால் தளம் வளையும்போது மேலிருந்தும் கோடு வரலாம்.

மாடிவீடு (கோவை)
அடித்திருக்கிறார்கள். போர்டு தளத்தை முட்டியே நிற்கிறது.

துபாய் ஃபோர்மேன்
பெரிய ஆபீஸ் கட்டடத்தில் நாங்கள் மேலே 10, 15 மி.மீ. விட்டு, மேல் சேனலில் ஸ்க்ரூ அடிக்காமல் விடுவோம். வீட்டுத் தளம் அவ்வளவு வளையுமா என்பதில் எனக்குச் சந்தேகம். கோடு மூலையில் அகலமா, தளத்தருகில் அகலமா?

மாடிவீடு (கோவை)
ஒரு பக்கம் மூலையில் அகலம். இன்னொரு பக்கம் மேலே. முதலில் மூலை அகலமான பக்கத்தை மட்டும் 'ட' வெட்டில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். வேலை நடக்கும்போது ஸ்டட்டின் வாய் எந்தப் பக்கம் என்று பார்த்துப் படம் போடுகிறேன்.