கலைச்சொல் தேவை: வரியின் முதலில் வரும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்

கயல்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பாடக்குறிப்பு முடிக்க வேண்டும். இசைத்தாளின் ஒளிப்படம் ஒன்றைப் புதிதாகக் கற்பவர் எப்படிப் படிப்பது என்பது பாடம். படத்தில் இருப்பது இரண்டாம் பக்கம். ஒவ்வொரு வரியின் முதலிலும் மேல்கோட்டில் ஒரே ஒரு ஷார்ப். இந்த ‘கீ சிக்னேச்சர்’ என்பதைச் சுருதிக்குறி என்று எழுதிவிட்டேன். சரிதானா?

இராசன்: என் ஆர்மோனியத்தில் ‘ச’ எந்தக் கட்டை என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன். அதுவும் கீதானே? கட்டைக்குறி என்று வையுங்கள்.

முகிலன்: இராசன் ஐயா, நீங்கள் சொல்வது வேறு. அந்த ஷார்ப், எஃப் வரும் இடமெல்லாம், எந்த ஸ்தாயியானாலும், அரைச்சுரம் ஏற்றிப் பாடு என்கிறது. ‘ச’ எங்கே என்று சொல்வதில்லை. ஜி மேஜருக்கும் ஈ மைனருக்கும் அதே குறிதான். அதனால் சுருதிக்குறி தவறான பெயர்.

செல்வி: கடைசிச் சுரத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடுமே!

முகிலன்: பாதி சரி, செல்வி. மெட்டு பி சுரத்திலும் முடியலாம். அப்போது கீழ்க்குரலின் கடைசிச் சுரத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் டி சுரத்துக்கு அடிக்கடி ஷார்ப் போட்டிருந்தால் ஈ மைனர் என்று ஊகிக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்தோடு பாட்டு முடிகிறதா, கயல்?

கயல்: இல்லை, ஐயா. தாளக் குறிப்பு, வேகச்சொல் எதுவும் இந்தப் பக்கத்தில் இல்லை.

முகிலன்: இருக்காது. அவை பாட்டின் தொடக்கத்தில் ஒருமுறைதான், நடுவில் மாறினால் மறுபடி வரும். ‘அந்தான்தே’ என்னும் வேகச்சொல் முதல் பக்கத்தில் இருந்தால் இங்கும் அதே நடை. மெல்லிய ஒலியில் வாசி, உரக்க வாசி என்னும் எழுத்துகளும் அடுத்தது வரும்வரை செல்லும். இவற்றில் ஷார்ப் மட்டும்தான் வரிதோறும் வருகிறது. இன்னொன்று: இரட்டைக்கோட்டின் இடப்பக்கம் இரு புள்ளிகள் இருந்து, அதற்கு முன்னால் வலப்பக்கப் புள்ளிகள் எங்கும் இல்லையென்றால், மாணவர் பாட்டின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். இந்தப் பக்கத்தின் தலைக்கு அல்ல. முதல் பக்கத்தையும் படமெடுத்துக் கொடுங்கள்.

தங்கவேல்: சொல்லுக்கு வருவோம். ஒரே ஏழு சுரம், ‘ச’ மட்டும் நகர்கிறது. இது நம் பழந்தமிழிசையின் பாலைத் திரிபே! செம்பாலையில் துத்தம் என்னும் இரண்டாம் சுரம் குரலானால், அதாவது ‘ச’ ஆனால், படுமலைப்பாலை. சங்கராபரணத்தின் தைவதத்தை ‘ச’ ஆக்கினால் நடபைரவி. ஜியும் ஈயும் அதே உறவுதான். பாலைக்குறி என்பதே தகும்.

செல்வி: மாணவர் பாலை என்றால் மணலைத்தானே நினைப்பார், ஐயா? தவிர, தனித்தனிப் பாலைக்குத்தானே பெயர்? இந்தக் குறி எதையும் தேர்ந்தெடுக்கவில்லையே.

தங்கவேல்: மாணவருக்குச் சொல்லிக் கொடுங்கள். புரியவில்லை என்று சொல்லையா வெட்டுவது?

இராசன்: வரிமுதற்குறி?

முகிலன்: அந்த இடத்தில் முதலில் வருவது எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் கிளெஃப், ஐயா. மாணவர் அதைத்தான் சுட்டுவார். சுரத்தொகுதிக்குறி என்றால் என்ன? எந்த ஏழு சுரம் என்பதை மட்டும் சொல்கிறது. நடுவில் வரும் ஷார்ப் அந்த அளவுக்கோடு வரைதான் என்பதால், அதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

கயல்: நேரமில்லை. செல்வியும் இராசன் ஐயாவும் ஒப்பினால் சுரத்தொகுதிக்குறி என்றே போடுகிறேன். அடைப்புக்குள் ‘கீ சிக்னேச்சர்’ தமிழெழுத்தில்.

செல்வி: சரி.

தங்கவேல்: நான் ஒப்பவில்லை. அடுத்த பதிப்பில் பாலைக்குறியைக் கேட்பேன்.